பறித்த செடியை எங்கே போடுவது?

போன கிழமை எங்கள் ஊர் இளைஞர் கழகத்துத் தம்பிமார் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பை. பைக்குள் சூரியகாந்தி விதை.

"சேர், அந்த பெட்டரி உடைச்ச வளவுல இத நடப் போறோம். மண்ணுல இருக்கிற ஈயத்த இது உறிஞ்சி எடுத்துருமாம். பேஸ்புக்ல பாத்தோம்."

அந்த வளவு எனக்குத் தெரியும். பல வருடமாகப் பழைய வாகன பெட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த இடம். இப்போது சும்மா கிடக்கிறது. பின்னேரம் பிள்ளைகள் அதற்குள்தான் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

நல்ல மனதோடுதான் வந்திருந்தார்கள். ஆனால் கேள்வி கேட்டதும் நான் தடுமாறிப் போனேன். "செடி வளர்ந்த பிறகு அத என்ன செய்யப் போறீங்க தம்பி?"

"பூவ அறுத்துட்டு, தண்ட பக்கத்து வளவு நானாட ஆட்டுக்குக் குடுக்கலாம் சேர். ஹஜ்ஜுக்கு குர்பான் ஆடு வளக்கிறார்தானே."

இந்தப் பதிலுக்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் தரம் 11 வகுப்பில் தாவரங்களால் மண்ணைத் தூய்மையாக்கும் முறை பற்றிப் படிப்பித்தேன். கரும்பலகையில் மண்ணைக் கீறி, செடியைக் கீறி, மண்ணிலிருந்து இலைக்கு அம்புக்குறி போட்டேன். அம்புக்குறி இலையோடு நின்றது. ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், அப்ப அந்த இலைய என்ன செய்ற?" நான் யோசிக்காமல், "எரிச்சா சரிதானே மகள்" என்று சொல்லிவிட்டேன். வந்த நால்வரில் ஒருவர் அந்த வகுப்பில் இருந்தவர். இந்தப் பதிவு அந்தப் பதிலைத் திருத்துவதற்காக.

பாடத்தை ஒழுங்காகச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அது ஈயமல்ல, ஆசனிக்.

அமெரிக்காவின் புளோரிடாவில் மரத்துக்கு மருந்து ஏற்றும் ஒரு பழைய இடம் கைவிடப்பட்டுக் கிடந்தது. கறையான் பிடிக்காமலிருக்க குரோமியம், செப்பு, ஆசனிக் மூன்றும் கலந்த கரைசலை மரத்துக்கு ஏற்றுவார்கள். அது ஒழுகி ஒழுகி மண் நஞ்சாகியிருந்தது. புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் லீனா மா என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் அங்கே தானாக முளைத்திருந்த 14 வகைச் செடிகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. அது ஒரு பன்னம். தாவரவியலில் அதன் பெயர் டெரிஸ் விட்டாட்டா. 2001இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரையாக இது வெளிவந்தது.

சாதாரணச் செடியின் காய்ந்த இலை ஒரு கிலோவில் ஆசனிக் சில மில்லிகிராம்கூட இருக்காது. அந்த இடத்துப் பன்ன இலைகளில் கிலோவுக்கு 1,442 முதல் 7,526 மில்லிகிராம் வரை இருந்தது. ஆய்வுகூடத்தில் ஆசனிக் கூட்டிய மண்ணில் ஆறு வாரம் வளர்த்தபோது 22,630 மில்லிகிராம் வரை போனது. அதாவது காய்ந்த இலையின் நிறையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஆசனிக். செடியோ நின்று வளர்ந்துகொண்டிருந்தது.

இந்தப் பன்னம் நமக்கு அந்நியமானதல்ல. நம் நாட்டிலும் பழைய சுண்ணாம்புச் சுவர், மதகு, கிணற்றுக் கட்டு இடுக்குகளில் வளரும். நீளமான ஈர்க்கில் இரண்டு பக்கமும் ஒடுங்கிய இலைகள் ஏணிப்படி மாதிரி நிற்கும். சுவரில் இருப்பதால் சுவரில் ஆசனிக் இருக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். அதற்குச் சுண்ணாம்பு பிடிக்கும், அவ்வளவுதான்.

ஏன் இந்தச் செடி நஞ்சை இப்படி இழுக்கிறது? மண்ணில் ஆசனிக் பெரும்பாலும் ஆசனேற்று என்ற வடிவில் இருக்கும். அது பார்வைக்கு பொஸ்பேற்று மாதிரியே இருக்கும். செடியின் வேர் பொஸ்பேற்றுக்காகத் திறந்து வைத்திருக்கும் வாசலால் ஆசனேற்றும் உள்ளே வந்துவிடும். மற்றச் செடிகள் வந்ததை வேரிலேயே அடைத்து வைக்கப் பார்க்கும், இல்லாவிட்டால் நஞ்சேறிச் சாகும். இந்தப் பன்னம் அதை ஆசனைற்று என்ற வேறு வடிவத்துக்கு மாற்றி, தண்டு வழியே மேலே அனுப்பி, இலைக் கலங்களின் புன்வெற்றிடங்களுக்குள் போட்டுப் பூட்டி வைக்கிறது. உள்ளே எடுத்த ஆசனிக்கில் நூற்றுக்கு 90க்கு மேல்கூட இலைகளில் போய்ச் சேரலாம். நமக்கு வசதி அதுதான். வேரைத் தோண்டத் தேவையில்லை, இலையை வெட்டினால் போதும். அடி இருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

இதுவரைதான் பேஸ்புக் வீடியோக்கள் சொல்கின்றன. மிச்சத்தை இனிப் பார்ப்போம்.

அதே குழுவினர் புளோரிடாவில் மரத்துக்கு மருந்து ஏற்றிய ஓர் இடத்தில் சுமார் 30 சதுர மீற்றர் நிலத்தில் இந்தப் பன்னத்தை நட்டு, 2000 முதல் 2002 வரை அளந்தார்கள். 30 சதுர மீற்றர் என்றால் நம் வகுப்பறை ஒன்றைவிடச் சிறிய இடம். இரண்டு வருட அறுவடையிலும் சேர்த்து பன்னம் வெளியே கொண்டுவந்த ஆசனிக் ஏறத்தாழ 19.3 கிராம். மேல் மண்ணின் சராசரி ஆசனிக் கிலோவுக்கு 190 மில்லிகிராமிலிருந்து 140க்கு வந்தது.

50 மில்லிகிராம் குறைந்திருக்கிறது, நல்ல வெற்றி என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சதுர மீற்றர், 15 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் 4.5 கன மீற்றர் மண். நிறை சுமார் 6 தொன். ஒவ்வொரு கிலோவிலும் 50 மில்லிகிராம் குறைந்தால் மொத்தம் 300 கிராம் குறைந்திருக்க வேண்டும். செடி எடுத்தது 19 கிராம். மிச்சம் 280 கிராம் எங்கே?

பதில், அந்த 50 என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது என்பதுதான். நஞ்சு மண்ணில் சீராகப் பரவியிருப்பதில்லை. இங்கே ஒரு கரண்டி எடுத்தால் ஓர் அளவு, ஒரு அடி தள்ளி எடுத்தால் வேறு அளவு. இந்தக் காரணத்தால்தான் அந்த ஆய்வாளர்களே மூன்று வருட மண் அளவுகளுக்கிடையே புள்ளிவிபர ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று நேர்மையாக எழுதினார்கள். அதோடு மழைநீரோடு கீழே இறங்கும் ஆசனிக்கும் மேல் மண்ணில் குறைந்ததாகத்தான் காட்டும். அது சுத்தமானதல்ல, இடம் மாறியது.

ஆகவே இந்த வேலையில் நம்பத்தக்க கணக்கு ஒன்றுதான்: வெட்டிய இலையின் காய்ந்த நிறை, அதை ஆய்வுகூடத்தில் சோதித்து வந்த அளவு, இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு வெளியே போனது என்று தெரியும். மண்ணை மட்டும் முன்னும் பின்னும் சோதித்து "இறங்கிட்டு" என்று சொல்பவர்களைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். அந்த நிலத்தில் செடி எடுத்த வேகத்திலேயே போனால், அந்த 300 கிராமையும் செடி மூலமாக எடுக்க ஏறத்தாழ 30 வருடம் வேண்டும். நல்ல பராமரிப்பில் வேகம் கூடலாம். ஆனால் ஒரு சிரமதானத்தில் முடிகிற வேலையல்ல.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

வெட்டிய இலை சாதாரணக் குப்பை அல்ல. கிலோவுக்கு 3,000 மில்லிகிராம் இருக்கும் காய்ந்த பன்ன இலையில் 100 கிராம் எடுத்தால் அதற்குள் 300 மில்லிகிராம் ஆசனிக் இருக்கும். ஒரு மனிதரின் உயிருக்கு ஆபத்தான அளவு அது. மண்ணில் பரந்து ஐதாகக் கிடந்த நஞ்சைச் செடி ஒரு பிடி இலைக்குள் செறிவாக்கித் தந்திருக்கிறது. அதுதான் அதன் வேலையே. மண்ணில் இருந்ததைவிட ஆபத்தான ஒரு பொருளை நாமே உற்பத்தி செய்திருக்கிறோம் என்பதை முதலில் விளங்க வேண்டும்.

எப்போது வெட்டுவது என்பதிலும் விசயம் இருக்கிறது. வாடி விழுந்த இலைகளைப் பொறுக்குவதைவிட, பச்சையாக நிற்கும் இலைகளை வெட்டும்போதுதான் அதிக ஆசனிக் வெளியே போகிறது என்று அந்தப் புளோரிடா வேலையே காட்டியது. காரணம் விளங்கக்கூடியது. உயிருள்ள கலம் நஞ்சைப் பூட்டி வைத்திருக்கும். இலை வாடினால் பூட்டு உடையும். உள்ளே இருப்பது தண்ணீரில் இலகுவாகக் கரையும் சரக்கு. ஒரு மழை பெய்தால் எடுத்ததில் ஒரு பங்கு திரும்ப மண்ணுக்கே போய்விடும். வெட்டிய இலையை வெட்டவெளியில் குவித்து வைத்தாலும் இதே கதைதான். எனவே வெட்டியதும் மழை படாத இடத்தில், நிலத்தில் விரிப்புப் போட்டு, ஆடு மாடு நெருங்காமல் காயவைத்து, பையில் கட்டி, நிறுத்து, பெயரிட்டு வைக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். காய்ந்த இலை நொறுங்கித் தூசாகும்.

"பசளையாக்கலாமே" என்று ஒருவர் கேட்பார். உக்கும்போது இலையின் கனம் குறையும். ஆசனிக் ஒரு மூலகம், அது உக்காது. அதில் ஒரு பகுதி வடியும் நீரோடு போகும், மிச்சம் உரத்தில் நிற்கும். அந்த உரத்தைக் கத்தரிக்குப் போட்டால் பாவம் கத்தரி என்ன செய்யும்? நம் பக்கத்தில் களப்பு, குளங்களில் மண்டும் ஆற்றுவாழைக்கும் இதைச் சொல்லலாம். அதன் வேர் தண்ணீரிலுள்ள உலோகங்களைப் பிடித்து வைக்கும். தொழிற்சாலை, கராஜ் கழிவு விழும் தண்ணீரில் வளர்ந்த ஆற்றுவாழையைச் சோதிக்காமல் கூட்டெரு ஆக்கித் தோட்டத்துக்குப் போடுவது சரியல்ல.

எரித்தால்? நான் சொன்ன பதில் இதுதான், இதுதான் மிகப் பிழையானது. ஆசனிக் சேர்மங்கள் சூட்டில் ஆவியாகும். சீன ஆய்வாளர்கள் இதே பன்னத்தை 800 பாகை வரை சூடாக்கி எரித்துப் பார்த்தார்கள். இலையிலிருந்த ஆசனிக்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புகையோடு போனது. அதில் பெரும்பகுதி 400 பாகையைத் தாண்டுவதற்கு முன்பே வெளியேறியது. வளவில் குப்பை கொளுத்தும் நெருப்பில் புகையைப் பிடிக்க என்ன இருக்கிறது? அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூக்குத்தான் இருக்கிறது. எரிக்கத்தான் வேண்டுமென்றால் புகையைக் கழுவி வடிகட்டும் உலை வேண்டும். எரித்த பிறகும் மிஞ்சும் சாம்பலில் நஞ்சு இன்னும் செறிவாக இருக்கும். அதையும் பத்திரமாகப் புதைக்க வேண்டும்.

நேரே புதைத்தால்? அமெரிக்காவில் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். கழிவை அதன் நிறையைப் போல் 20 மடங்கு அமிலக் கரைசலில் போட்டுக் குலுக்குவார்கள். அந்தத் திரவத்தில் லீற்றருக்கு 5 மில்லிகிராம் ஆசனிக் வந்தால் அது அபாயகரமான கழிவு. சாதாரணக் குப்பைக் கிடங்குக்குப் போகக் கூடாது. 3,000 மில்லிகிராம் இலையில் உள்ளதெல்லாம் கரைந்தால் லீற்றருக்கு 150 வரும். முப்பதில் ஒரு பங்கு கரைந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். இலகுவில் கரையும் சரக்கு என்று மேலே சொன்னேன். ஆக நல்லாக உறிஞ்சிய பன்னம் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். அடியில் விரிப்புப் போட்டு, வடிநீரைப் பிடிக்கும் விசேட கிடங்குக்குத்தான் அது போக வேண்டும்.

அப்படியானால் இந்த முறை பயனற்றதா? இல்லை. 6 தொன் மண்ணைத் தோண்டி லொறியில் ஏற்றிப் புதைப்பதோடு ஒப்பிட்டால், சில பை இலையைப் புதைப்பது சிறிய வேலை. வொஷிங்டன் நகரின் ஸ்பிரிங் வெலி பகுதியில் முதலாம் உலகப் போர்க்கால இரசாயன ஆயுதச் சோதனைகளால் வீட்டு வளவுகளில் ஆசனிக் படிந்திருந்தது. பெரும்பாலான இடங்களில் மண்ணைத் தோண்டி அகற்றினார்கள். தோண்டினால் பெரிய மரங்களின் வேர் அறுந்துவிடும் என்ற சில வளவுகளில் மட்டும் 2004 முதல் இந்தப் பன்னத்தை நட்டார்கள். மண்ணில் நஞ்சு எல்லையைக் கொஞ்சம் தாண்டிய இடங்கள் அவை. அதுதான் இதன் சரியான இடம்: நஞ்சு ஐதாக, மேல் மண்ணோடு நின்று, காத்திருக்க நேரமும், அறுவடையை வாங்க ஒரு கிடங்கும் இருக்கும் இடம்.

இனி எங்கள் பெட்டரி வளவு. தம்பிமாருக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், வேறு ஊர்களிலும் இந்த யோசனை ஓடிக்கொண்டிருப்பதால்.

ஈயம் ஆசனிக் அல்ல. பன்னம் ஈயத்தை இழுக்காது. சூரியகாந்தியும் கடுகும் ஈயத்தை இலைக்கு ஏற்றுவது மிகக் குறைவு. ஈயம் மண் துணிக்கையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், செடிக்குள் போவதும் வேரில் நின்றுவிடும். 1990களில் அமெரிக்காவின் ட்ரென்டன் நகரில், முன்பு பெட்டரி செய்த ஒரு தொழிற்சாலை நிலத்தில், கடுகும் சூரியகாந்தியும் நட்டு இந்தத் தடையைத் தாண்டப் பார்த்தார்கள். மண்ணுக்கு ஈடிடிஏ என்ற இரசாயனத்தை ஊற்றினால் ஈயம் கரைந்து செடிக்குள் ஏறும். ஏறியதும் உண்மை. ஆனால் கரைந்த ஈயம் எல்லாம் செடிக்காகக் காத்திருப்பதில்லை, மழையோடு நிலத்தடி நீருக்கும் இறங்கும். இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரூபஸ் சேனியே திறந்த நிலத்தில் இதைச் செய்யக் கூடாது என்றார். நம் ஊரில் பத்து அடியில் கிணறு. யோசித்துப் பாருங்கள்.

ஈயத்துக்குச் செய்ய வேண்டியது எதிர்மாறான வேலை. எடுக்காமல், அசையாமல் கட்டிப்போடுவது. வளவை வேலியடைத்துப் பிள்ளைகளைத் தடுக்க வேண்டும். சுத்தமான மண் போட்டு மூடி, அதன்மேல் புல் பிடிக்கவிட்டால் தூசி பறக்காது. பிள்ளைகளுக்கு ஈயம் பெரும்பாலும் போவது கையில் ஒட்டும் தூசியால்தான். பொஸ்பேற்றுப் பசளை ஈயத்தோடு சேர்ந்து கரையாத சேர்மமாக மாறும், அதனால் இதற்கு உதவும். ஆனால் அதே பசளையை ஆசனிக் உள்ள மண்ணில் போட்டால், ஆசனேற்று பிடித்திருந்த இடத்தைப் பொஸ்பேற்று பிடித்து அதைக் கழற்றி விட்டுவிடும். ஒரு நஞ்சுக்கு மருந்தாவது மற்றதை அவிழ்த்துவிடும். முதலில் மண்ணைச் சோதித்து என்ன உலோகம் என்று அறியாமல் எதையும் நடவோ போடவோ கூடாது என்பது இதனால்தான்.

ஆட்டுக்கார நானாவிடமும் போனேன். ஏற்கெனவே அந்த வளவில் ஆட்டைக் கட்டி மேய்ப்பதாகச் சொன்னார். "இவ்வளவு நாளும் ஆட்டுக்கு ஒண்டும் ஆகல்லயே சேர்." ஆகாதது போலத்தான் தெரியும். புல்லில் ஒட்டிய தூசியோடும், மேயும்போது வாயில் போகும் மண்ணோடும் ஈயம் உள்ளே போய் ஈரலிலும் எலும்பிலும் தங்கும். ஆடு நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். அந்த ஈரலும் எலும்பும்தான் பிறகு பங்கு வைக்கப்பட்டு ஊரின் சட்டிகளுக்குப் போகிறது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த நாள் ஆடுகள் வேறிடத்தில் நின்றன.

என் கருத்து இதுதான். செடி நட்டு மண்ணைச் சுத்தமாக்குவோம் என்று யார் வந்தாலும், விதை வாங்க முன் ஒரு தாளில் கடைசி வரியை முதலில் எழுதச் சொல்லுங்கள்: வெட்டியதை யார், எதில் ஏற்றி, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? நம் நாட்டில் அபாயகரமான கழிவுகளைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பழைய பெட்டரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வரியை நிரப்ப முடியாதவர்கள் நடாமல் விடுவது ஊருக்குச் செய்யும் உதவி.

தம்பிமார் விதைப் பையை என்னிடமே விட்டுப் போனார்கள். அதைப் பாடசாலைத் தோட்டத்தில் நட யோசித்திருக்கிறேன், பூப் பார்க்க மட்டும். வேலியடைக்கக் கம்பியும் மூடுவதற்கு மண் லோடும் சேர்க்கிறார்கள். உதவக்கூடிய ஊரவர்கள் கழகத்தோடு கதையுங்கள்.

அந்த மாணவி இதை வாசித்தால்: மகள், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. சேர் சொன்னதுதான் பிழை.